தொலைந்த லப்டொப்பில் உள்ள ஃபைல்களை வீட்டிலிருந்தே அழிக்க முடியுமா?

"அண்ணா, நேற்று இரவு புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு 100 பஸ்ஸில் வந்தபோது லப்டொப் பையை மறந்துவிட்டு இறங்கிவிட்டேன். விண்டோஸ் 11 ஹோம். நாலைந்து கடைகளின் கணக்குவழக்கு எல்லாம் ட்ரொப்பொக்ஸ் பிளஸில் இருக்கிறது, காசு கட்டித்தான் பாவிக்கிறேன். சொந்த ஃபைல்கள் கூகுள் ட்ரைவில். இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். ட்ரொப்பொக்ஸில் Unlink என்று ஒன்று காட்டுகிறது. அதை அழுத்தினால் லப்டொப்பில் உள்ளதெல்லாம் அழிந்துவிடுமா?"

இன்னும் அழுத்தவில்லை என்றால் நல்லது, கொஞ்சம் பொறுங்கள். வெறும் Unlink மட்டும் அழுத்தினால் ஒரு ஃபைலும் அழியாது. அந்த லப்டொப்புக்கும் உங்கள் ட்ரொப்பொக்ஸுக்கும் இருக்கும் தொடர்பு அறுந்துபோகும், அவ்வளவுதான். கடைக்காரர்களின் எக்செல் தாள்களும் ஸ்கேன் பண்ணி வைத்த அடையாள அட்டைகளும் லப்டொப்பின் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். அதைவிட மோசமான விஷயம், தொடர்பை அறுத்த பிறகு "அழித்துவிடு" என்று கட்டளை அனுப்ப உங்களிடம் வழியே இருக்காது. அந்தக் கட்டளை போவதும் அதே தொடர்பின் வழியாகத்தான்.

செய்ய வேண்டியது இது. போனிலோ வேறொரு கொம்பியூட்டரிலோ dropbox.com போய், உங்கள் படத்தைத் தொட்டு Settings, அதற்குள் Security என்ற பகுதிக்குப் போங்கள். கீழே Devices என்று ஒரு பட்டியல் வரும். தொலைந்த லப்டொப்பின் பெயர் அங்கே இருக்கும். நீங்கள் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் DESKTOP அல்லது LAPTOP என்று தொடங்கி எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு பெயராக இருக்கும். பழைய கொம்பியூட்டர் ஒன்றும் அதே பட்டியலில் இருக்கலாம் என்பதால் Most recent activity என்ற நிரலைப் பார்த்து, நேற்றுவரை உயிரோடு இருந்தது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். Unlink ஆன பிறகு அந்த வரி பட்டியலிலிருந்து போய்விடும், அப்புறம் கடைசியாக எப்போது ஒன்லைன் வந்தது என்று பார்க்க முடியாது.

இனி அந்த வரியின் ஓரத்தில் உள்ள குப்பைக்கூடைப் படத்தை அழுத்துங்கள். ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் Delete files from this device the next time it comes online என்று ஒரு வரியும் அதன் முன் ஒரு சதுரமும் இருக்கும். அந்தச் சதுரத்தில் சரி அடையாளம் போட்ட பிறகுதான் Unlink. இந்த வசதி காசு கட்டும் திட்டங்களுக்கு மட்டும்தான். இலவசமாகப் பாவிப்பவர்களுக்கு Unlink இருக்கும், சதுரம் இருக்காது. உங்களுக்கும் அது தெரியாவிட்டால் பிளஸ் சந்தா காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

பாஸ்வேர்டை மாற்றியது வீண் இல்லை, ஆனால் நீங்கள் நினைத்த வேலையை அது செய்யவில்லை. ட்ரொப்பொக்ஸ் போன்ற ஒரு செயலி உங்கள் பாஸ்வேர்டை ஒவ்வொரு முறையும் கேட்பதில்லை. முதல் நாள் ஒரு தடவை கேட்டுவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு டோக்கனை வாங்கி லப்டொப்பில் வைத்துக்கொள்கிறது. ரயிலில் சீசன் டிக்கெட் மாதிரி. கவுண்டரில் அடையாள அட்டையைக் காட்டி ஒருமுறை எடுத்துவிட்டால் பிறகு தினமும் சீசனைக் காட்டினால் போதும். நீங்கள் அடையாள அட்டையைப் புதிதாக எடுத்தாலும் பழைய சீசன் யாருடைய கையில் இருக்கிறதோ அவர் பயணம் பண்ணலாம், சீசனை ரத்து செய்தால்தான் நிற்கும். Unlink என்பது சீசனை ரத்து செய்வது. பாஸ்வேர்டை மாற்றினால் சீசனும் சேர்ந்து ரத்தாகுமா என்பது சேவைக்குச் சேவை வேறுபடும். கூகுளில் பெரும்பாலான இடங்களிலிருந்து வெளியேற்றிவிடும், ஆனாலும் சில விதிவிலக்குகள் உண்டு. ஆகவே எதிலும் பாஸ்வேர்டை மட்டும் நம்பாமல், கருவிகளின் பட்டியலைத் திறந்து அந்த லப்டொப்பைத் தனியாக வெளியேற்றுவதே சரி.

சரி, சதுரத்தைத் தொட்டு Unlink பண்ணிவிட்டீர்கள். இப்போது லப்டொப்பில் என்ன நடக்கும்? இந்த நிமிடம் ஒன்றும் நடக்காது. கட்டளை ட்ரொப்பொக்ஸின் சேர்வரில் காத்துக்கொண்டிருக்கும். லப்டொப்பில் உள்ள ட்ரொப்பொக்ஸ் செயலி அடுத்த முறை இணையத்தில் வந்து சேர்வரோடு பேசும்போது அந்தக் கட்டளையை வாங்கி, ட்ரொப்பொக்ஸ் ஃபோல்டருக்குள் உள்ளவற்றை அழிக்கும். "லப்டொப் இணையத்தில் வந்தால்" என்று பலர் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அது போதாது. அந்தச் செயலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விண்டோஸில் அது நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு, உங்கள் பெயரில் ஓடும் ஒரு செயலி. நுழையாதவரை அது எழும்பாது.

இதை உங்கள் நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்போம். லப்டொப்பை ஷட்டவுன் பண்ணாமல் மூடிப் பையில் வைத்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம், நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறோம். எடுத்தவர் மூடியைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கும் திரை வரும். திரை பூட்டியிருந்தாலும் உங்கள் பெயரில் திறந்த அமர்வு பின்னால் உயிரோடுதான் இருக்கிறது. ட்ரொப்பொக்ஸும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் திரையிலேயே மூலையில் உள்ள வைஃபை அடையாளத்தைத் தொட்டு ஒரு ஹொட்ஸ்பொட்டில் இணைக்கவும் முடியும். அப்படி இணைத்தால் அவருக்குத் தெரியாமலே உங்கள் ஃபைல்கள் அழியும். ஆனால் லப்டொப் முழுதாக அணைந்து, மறுபடி புதிதாகத் தொடங்கினால் கதை மாறும். பாஸ்வேர்ட் தெரியாமல் உள்ளே போக முடியாது, உள்ளே போகாமல் ட்ரொப்பொக்ஸ் ஓடாது, ஆகவே கட்டளை சேர்வரில் காத்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில்கூட.

இன்னொரு வழியும் உண்டு, திருட்டு லப்டொப்புக்குப் பெரும்பாலும் நடப்பது அதுதான்: விண்டோஸைப் புதிதாகப் போட்டு விற்றுவிடுவார்கள். டிஸ்க் ஃபோர்மட் ஆகிறது, ட்ரொப்பொக்ஸ் செயலியே இல்லாமல் போகிறது, உங்கள் கட்டளை யாரையும் போய்ச் சேராது. எடுத்தவருக்கு வேண்டியது லப்டொப், கடைக் கணக்கு இல்லை. உங்களுக்கு இது ஒருவகையில் நல்ல முடிவு.

கெட்ட முடிவு எது தெரியுமா? ஆர்வமுள்ள ஒருவர் அடியில் உள்ள திருகுகளைக் கழற்றி, எஸ்எஸ்டியை வெளியே எடுத்து, யுஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டுத் தன் கொம்பியூட்டரில் செருகுவது. பத்து நிமிட வேலை. டிஸ்க் மறைகுறியாக்கப்படாமல், அதாவது என்க்ரிப்ட் செய்யப்படாமல் இருந்தால், விண்டோஸ் பாஸ்வேர்ட் அங்கே ஒரு தடையே இல்லை. உங்கள் ஃபோல்டர் பென்ட்ரைவைத் திறப்பது போலத் திறக்கும். எந்த ரிமோட் கட்டளையும் அங்கே எட்டாது, ஏனென்றால் ட்ரொப்பொக்ஸ் ஓடவே இல்லை.

அதனால் இப்போது நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒரேயொரு விஷயம்: உங்கள் டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்ததா? லப்டொப் கையில் இல்லாமலே இதை ஓரளவு தெரிந்துகொள்ளலாம். விண்டோஸ் 11 ஹோமில் Device encryption என்று ஒன்று உண்டு, பிட்லொக்கரின் எளிய வடிவம். பொருத்தமான வன்பொருள் உள்ள லப்டொப்பை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு முதன்முதல் தொடங்கும்போது இது தானாகவே இயங்கத் தொடங்கி, மீட்புச் சாவி ஒன்றை அந்தக் கணக்கிலேயே சேமித்து வைக்கும். இப்போது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு account.microsoft.com/devices/recoverykey என்ற முகவரிக்குப் போய்ப் பாருங்கள். தொலைந்த லப்டொப்பின் பெயருக்கு நேரே 48 இலக்கச் சாவி ஒன்று இருந்தால் என்க்ரிப்ஷன் ஒரு கட்டத்தில் இயங்கியது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நீங்களாகப் போய் அணைக்கவில்லை என்றால், கழற்றி எடுத்த எஸ்எஸ்டியில் அவருக்குக் கிடைப்பது வெறும் குப்பைதான்.

சாவி இல்லை, அல்லது லப்டொப்பை மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் கணக்கில் பாவித்தீர்கள் என்றால் பாதுகாப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. சில லப்டொப்களில் டிஸ்க் முழுதும் என்க்ரிப்ட் ஆகியிருக்கும், ஆனால் லோக்கல் கணக்கு என்பதால் சாவியைச் சேமிக்க இடம் கிடைக்காமல், பூட்டைத் திறக்கும் சாவியையே டிஸ்க்கில் திறந்தபடி வைத்துவிட்டு விண்டோஸ் காத்திருக்கும். வீட்டைப் பூட்டி, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போல. லப்டொப் விற்ற கடைக்காரர் "என்க்ரிப்ட் ஆகித்தான் இருக்கிறது" என்று சொல்லியிருப்பார், அதுவும் பொய் இல்லை.

மைக்ரோசொஃப்ட் கணக்கோடு பாவித்திருந்தால் இன்னொன்றும் செய்யலாம். account.microsoft.com/devices பக்கத்தில் அந்த லப்டொப்பைத் தெரிவு செய்தால் Find my device என்று வரும். முன்பே அதை இயக்கி வைத்திருந்தால் கடைசியாக இருந்த இடத்தைக் காட்டும், Lock பண்ணவும் விடும். அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு நீங்களே கிளம்பிப் போகாதீர்கள். வைஃபையை வைத்துக் கணிக்கும் இடம் ஒரு கட்டடத்தை அல்ல, ஒரு வட்டத்தைத்தான் காட்டும். கொட்டாஞ்சேனை மாதிரி நெருக்கமான இடத்தில் ஒரு வட்டத்துக்குள் நூறு வீடு இருக்கும்.

ஆனால் Lock விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது, இதை எங்கும் தெளிவாகச் சொல்லி நான் பார்க்கவில்லை. Lock கட்டளை போய்ச் சேர்ந்தால் திறந்திருக்கும் அமர்வுகளை அது வெளியேற்றிவிடும். அமர்வு போனால் ட்ரொப்பொக்ஸும் நின்றுவிடும். நீங்கள் அனுப்பிய அழிப்புக் கட்டளைக்கு முன் Lock போய்விட்டால் அழிப்பு நடக்காது. என் முடிவு இப்படி: மீட்புச் சாவி பட்டியலில் இருந்தால் தயங்காமல் Lock பண்ணுங்கள், டிஸ்க் பூட்டியிருக்கிறது, அழிப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. சாவி இல்லை என்றால் Lock வேண்டாம். திரைப்பூட்டு எஸ்எஸ்டியைக் கழற்றுபவரை நிறுத்தாது. அந்த அமர்வு இன்னும் உயிரோடு இருந்து, யாராவது வைஃபையில் இணைத்து, அழிப்பு ஓடுவதற்கு உள்ள சின்ன வாய்ப்பை நீங்களே மூட வேண்டியதில்லை. அதே பக்கத்தில் லப்டொப்பைக் கணக்கிலிருந்து நீக்கும் தெரிவும் இருக்கும். அதை இப்போது தொடாதீர்கள்.

கூகுள் ட்ரைவுக்கு வருவோம். ட்ரொப்பொக்ஸின் அந்தச் சதுரம் போன்ற ஒன்று சாதாரண கூகுள் கணக்கில் இல்லை. myaccount.google.com போய் Security, அதற்குள் Your devices என்ற இடத்தில் லப்டொப்பைத் தேடி Sign out பண்ணுங்கள். ஒரே லப்டொப் இரண்டு மூன்று வரிகளாகத் தெரியலாம், ஒவ்வொன்றையும் வெளியேற்றுங்கள். இனி அந்த லப்டொப்பால் உங்கள் ட்ரைவிலிருந்து புதிதாக எதையும் எடுக்க முடியாது. ஏற்கெனவே எடுத்தது? அது நீங்கள் எப்படி அமைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. Mirror files என்று வைத்திருந்தால் எல்லா ஃபைல்களும் சாதாரண ஃபோல்டர் ஒன்றில் முழுப் பிரதியாக இருக்கும், வெளியேற்றினாலும் அங்கேயே இருக்கும். Stream files என்றால் பெரும்பாலானவை மேகத்தில்தான், நீங்கள் அண்மையில் திறந்தவையும் ஒஃப்லைனுக்கு என்று குறித்தவையும் மட்டும் தற்காலிகச் சேமிப்பில் கிடக்கும்.

மைக்ரோசொஃப்டின் OneDrive, அதாவது வன்ட்ரைவும் இருக்கிறதா என்று பாருங்கள். "நான் பாவிப்பதில்லை" என்பீர்கள். விண்டோஸ் 11 தொடக்கத்திலேயே கேட்டுக் கேட்டு டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸையும் வன்ட்ரைவுக்குள் இழுத்துவிடும், பலருக்கு அது தெரியாது. சொந்தக் கணக்கில் அங்கும் தொலைவிலிருந்து அழிக்கும் வசதி இல்லை, எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றும் வசதி உண்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கின் Advanced security options பக்கத்தில் கீழே போனால் Sign me out என்று இருக்கும். அது முழுமையாக நடைமுறைக்கு வர 24 மணி நேரம்வரை ஆகலாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு குறுக்குவழி சிலருக்குத் தோன்றும், உங்களுக்கும் தோன்றலாம். ஒத்திசைவு இருபக்கமும் போகிறதே, இணையத்தில் ஃபைல்களை அழித்தால் லப்டொப்பிலும் தானே அழியும், பிறகு குப்பைக்கூடையிலிருந்து மீட்டுக்கொள்ளலாமே என்று. யோசனை புத்திசாலித்தனமானதுதான். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் லப்டொப்பை வெளியேற்றாமல் விட்டுவைக்க வேண்டும், அதாவது எடுத்தவர் கையில் சீசன் டிக்கெட்டை விட்டுவைக்க வேண்டும். அதோடு நீங்கள் குப்பைக்கூடையிலிருந்து மீட்டவுடன் அவை மறுபடி லப்டொப்புக்கும் போய்விடும். வேறொரு கணக்குக்கு நகர்த்திவிட்டுக் காத்திருக்கலாம்தான், ஆனால் எத்தனை நாள்? நான் இதைச் செய்யமாட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால் முடிக்க வேண்டியது மெயில். லப்டொப்பில் ஜிமெயில் திறந்தபடி இருந்தால், எடுத்தவர் உள்ளே நுழைந்துவிட்டால், உங்கள் புதிய ட்ரொப்பொக்ஸ் பாஸ்வேர்டுக்கு மதிப்பே இல்லை. "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் மீட்பு மெயில் அவர் கண்முன்னே வந்து விழும். நீங்கள் பாஸ்வேர்ட் மாற்றியபோது மெயிலை முதலில் மாற்றினீர்களா, பிறகு மாற்றினீர்களா என்று யோசியுங்கள். பிறகுதான் என்றால் ட்ரொப்பொக்ஸ் பாஸ்வேர்டை இன்னொருமுறை மாற்றுவது நல்லது. குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் லப்டொப்பிலேயே ஒரு பிரதியாக இருக்கும், கூகுளில் Sign out பண்ணியதால் அவை மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வங்கி பாஸ்வேர்ட் அதில் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இப்போது ட்ரொப்பொக்ஸ் அழிப்பு எதைத் தொடாது என்று பார்க்க வேண்டும். உங்கள் மாதிரி வேலை செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அது அழிப்பது ட்ரொப்பொக்ஸ் ஃபோல்டரை மட்டும். கடைக்காரர் பில்லையும் அடையாள அட்டைப் பிரதியையும் உங்களுக்கு எப்படி அனுப்புகிறார்? வட்ஸ்அப்பில். நீங்கள் லப்டொப்பில் வட்ஸ்அப் திறந்து, டவுன்லோட் பண்ணி, பிறகு ட்ரொப்பொக்ஸுக்குள் பிரதி எடுக்கிறீர்கள். ட்ரொப்பொக்ஸில் உள்ள பிரதி அழிந்தாலும் Downloads ஃபோல்டரில் உள்ள முதல் பிரதி இருக்கும். ஒரு வருடத்து Downloads ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், உங்கள் முழுத் தொழிலும் அங்கே இருக்கும். அவுட்லுக் பாவித்தால் மெயில்களும் இணைப்புகளும் தனி ஃபைலாக வேறிடத்தில் இருக்கும். கணக்கியல் மென்பொருளின் தரவு சி ட்ரைவில் எங்கேயோ இருக்கும். இவற்றில் ஒன்றையும் அந்தச் சதுரம் தொடாது.

வட்ஸ்அப்பை இப்போதே போனிலிருந்து துண்டியுங்கள். Linked devices என்ற இடத்தில் விண்டோஸ் என்று காட்டுவதைத் தொட்டு Log out. நீங்கள் துண்டிக்காமல் விட்டால் கடைக்காரர்கள் அனுப்பும் புதிய செய்திகளும் அந்த லப்டொப்புக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

அழிப்பு என்றால் என்ன என்பதிலும் ஒரு வார்த்தை. ட்ரொப்பொக்ஸ் உங்கள் ஃபைல்களை அழிப்பது நீங்கள் அழிப்பது போன்ற சாதாரண அழிப்பு, மேலே வேறு தரவை எழுதித் துடைப்பது அல்ல. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்பு மென்பொருளால் கொஞ்சம் மீட்க முடியும். எஸ்எஸ்டியில் அது பெரும்பாலும் கடினம், அழித்த இடத்தை டிஸ்க்கே சீக்கிரம் காலி செய்துவிடும்.

நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு சிறிய அலுவலகம், ஆறு பேர். ஒருவருடைய லப்டொப் ஓட்டோவில் போய்விட்டது. முதலாளி பதற்றத்தில் அரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் செய்து முடித்தார்: பாஸ்வேர்ட் மாற்றினார், சதுரத்தைக் கவனிக்காமல் Unlink பண்ணினார், பட்டியலில் லப்டொப்பின் பெயர் போனதைப் பார்த்து நிம்மதியானார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு "எல்லாம் அழிந்துவிட்டது" என்றார். எப்படித் தெரியும் என்றேன். பட்டியலில் காணவில்லையே என்றார். பட்டியலில் இல்லை என்றால் தொடர்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அந்த லப்டொப் இரண்டு வாரம் கழித்து ஓட்டோக்காரர் மூலமாகவே திரும்பி வந்தது. திறந்து பார்த்தோம், அத்தனை ஃபைலும் இருந்தது. டிஸ்க்கில் என்க்ரிப்ஷனும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்பது அதிர்ஷ்டம், வேலை செய்ததால் அல்ல.

அவர்கள் பாவித்தது சொந்தக் கணக்கு வகை. குழுவாகப் பாவிக்கும் ட்ரொப்பொக்ஸ் என்றால் நிர்வாகியின் பதிவேட்டில், வெளியேற்றிய கருவியில் அழிப்பு நடந்ததா, தோல்வியடைந்ததா என்று தனித்தனியாகப் பதியும். உறுதியாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு அந்த வரி பெரிய வித்தியாசம்.

உங்கள் லப்டொப்பும் திரும்பி வரலாம். பஸ்ஸில் விட்டது என்பதால் வாய்ப்பு இருக்கிறது, 100 பஸ்ஸின் கடைசி இடம் பாணந்துறை, அங்கே பஸ் நிலையத்தில் டைம் கீப்பரிடம் இன்றே கேளுங்கள். டிக்கெட் இருந்தால் எடுத்துப் போங்கள், எந்த நேரத்துப் பஸ் என்று கண்டுபிடிக்க உதவும். திரும்பி வந்தால் அவசரப்பட்டு வீட்டில் வைத்துத் திறக்காதீர்கள். வீட்டு வைஃபையை லப்டொப் தானாகவே பிடித்துவிடும், நீங்கள் உள்ளே நுழைந்தவுடன் ட்ரொப்பொக்ஸ் ஓடும், காத்துக்கொண்டிருந்த அழிப்புக் கட்டளை வந்து எல்லாவற்றையும் அழிக்கும். மேகத்தில் பிரதி இருக்கிறதே என்று நினைப்பீர்கள். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் கடைசியாகச் செய்த வேலை மேலே ஏறியிருந்ததா? ஏறாமல் இருந்தால் அதற்கு வேறு பிரதி கிடையாது. ரௌட்டரையும் போன் ஹொட்ஸ்பொட்டையும் அணைத்துவிட்டு, லப்டொப்பைத் திறந்து, வேண்டிய ஃபைல்களை ஒரு பென்ட்ரைவில் எடுத்த பிறகு இணையத்தோடு இணையுங்கள்.

அதோடு ட்ரொப்பொக்ஸ் இணையப் பக்கத்தில் Deleted files என்ற இடத்தையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் Unlink பண்ணுவதற்கு முன் யாராவது உள்ளே போய் எதையாவது அழித்திருந்தால் அது மேகத்திலும் அழிந்திருக்கும். பிளஸில் 30 நாள்வரை மீட்கலாம், அதற்குப் பிறகு முடியாது.

பொலிஸ் முறைப்பாட்டுக்கு லப்டொப்பின் தொடரிலக்கம் வேண்டும். வாங்கிய பெட்டியிலும் பெரும்பாலும் பற்றுச்சீட்டிலும் இருக்கும். எடுத்த ஸ்க்ரீன்ஷொட்டில் ஐபி முகவரி தெரிந்தால் அதையும் கொடுங்கள், ஆனால் அதை வைத்து நீங்களாக யாரையும் தேட முடியாது. அது தொலைபேசி நிறுவனத்தின் முகவரி, மொபைல் டேட்டாவில் ஒரே முகவரியைப் பலர் பாவிப்பார்கள்.

கடைக்காரர்களுக்கு என்ன சொல்வது என்பது அந்த மீட்புச் சாவியைப் பொறுத்தது. சாவி பட்டியலில் இருந்தால் "லப்டொப் போய்விட்டது, டிஸ்க் பூட்டியிருக்கிறது" என்று சொல்லலாம். இல்லை என்றால் யாருடைய அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு விவரம் அதில் இருந்தது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். "அழித்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அழித்தது உங்களுக்குத் தெரியாது.

புதிய லப்டொப் வாங்கினால், கடைக்காரர் என்ன சொன்னாலும், விண்டோஸ் டேர்மினலை நிர்வாகியாகத் திறந்து இந்த ஒரு வரியை அடித்துப் பாருங்கள்:

```
manage-bde -status C:
```

வரும் பதிலில் Protection Status என்பதற்கு நேரே Protection On என்று இருக்க வேண்டும். அதற்கு மேலே Fully Encrypted அல்லது Used Space Only Encrypted என்று இருந்து, இங்கே Protection Off என்று இருந்தால் அதுதான் நான் சொன்ன, சாவி கதவில் தொங்கும் வீடு. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு நுழைந்து Settings-இல் Device encryption-ஐ இயக்கினால் சரியாகிவிடும். ட்ரொப்பொக்ஸில் முடிந்த வருடங்களின் ஃபோல்டர்களை வலது கிளிக் செய்து online-only என்று மாற்றிவிடுங்கள். பெயர் மட்டும் லப்டொப்பில் இருக்கும், உள்ளே உள்ளது மேகத்தில். நாளைக்கு மறுபடி ஒரு பஸ்ஸில் விட்டாலும் அந்த வருடங்கள் லப்டொப்போடு போகாது. வட்ஸ்அப்பில் வரும் பிரதிகளையும் Downloads-க்குப் போகாமல் நேரே ட்ரொப்பொக்ஸ் ஃபோல்டருக்குள் சேமித்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அந்தச் சதுரம் அவற்றையும் தொடும்.